நாலு அகல், ஒரு பெட்டி, 150 ரூபாய்

பள்ளிக்கூடச் சந்தையில் வர்ணம் பூசிய அகல் விளக்குகளை மேஜைமேல் அடுக்கி வைத்தால், வருகிறவர்கள் விலையை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஏத்தலாமாங்க, இல்ல சும்மா அழகுக்கு வைக்கிறதா?" என்பார்கள். "தாராளமா ஏத்தலாம்" என்று நாம் சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும். வாசலில் ஏற்றிய அரை மணியில் சாயம் கருகி நாறினால், எண்ணெய் கசிந்து கோலத்தின் நடுவே வட்டமாக ஊறினால், அந்த வீட்டில் அடுத்த வருஷம் நம் விளக்கு வாங்க மாட்டார்கள். அழகாகப் பூசப் பலருக்கும் வரும். ஏற்றினால் தாங்குகிற மாதிரி பூசுவதிலும், உழைப்புக்குக் காசு நிற்கிற மாதிரி விலை போடுவதிலும், உடையாமல் வீடு போய்ச் சேருகிற மாதிரி கட்டுவதிலும்தான் இந்தச் சிறு வியாபாரம் நிற்கிறது.

விழாக் காலத்தில் கையால் செய்து விற்க எத்தனையோ இருக்கின்றன. தோரணம், காகித நட்சத்திரம், கொலுவுக்குப் பூமாலை எல்லாம் உண்டு. அகலை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அதற்கு இரண்டு பருவம் இருப்பதுதான். தீபாவளிக்கு ஒருமுறை விற்கலாம், கார்த்திகைக்கு ஒருமுறை விற்கலாம். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, கார்த்திகை தீபம் டிசம்பர் 13. 2025இல் அக்டோபர் 20, டிசம்பர் 3. இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம் கிடைக்கிறது. தீபாவளிச் சந்தையில் தங்கியதைக் கார்த்திகைக்குக் கொண்டுபோகலாம். சொல்லப்போனால் தமிழ் வீடுகளில் அகலுக்குப் பெரிய நாள் கார்த்திகைதான். படிக்கட்டு, மாடி, கிணற்றடி எங்கும் வரிசையாக வைக்கச் சாதா அகல்தான் டஜன் கணக்கில் வாங்குவார்கள். வாசலுக்கும் பூஜை அறைக்கும் மட்டும் இரண்டோ நாலோ அழகாக இருக்கட்டும் என்று நினைப்பார்கள். அந்த இரண்டும் நாலும்தான் நம் வியாபாரம்.

மண் அகலை எப்போது வாங்குவது என்பதிலேயே வேலை தொடங்குகிறது. சென்னையில் கொசப்பேட்டை, தெற்கே மானாமதுரை என்று மண்பாண்டத்துக்குப் பேர்போன இடங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் குயவர் தெரு என்று ஒன்று இன்னும் உண்டு. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் பச்சை மண் காயாது, சூளை வைப்பதும் சிரமம். அதனால் ஆவணியிலோ புரட்டாசியிலோ போய் வாங்கிவிட வேண்டும். விலையும் அப்போது கொஞ்சம் இறக்கமாக இருக்கும், பொறுக்கி எடுக்கவும் விடுவார்கள். அச்சில் அழுத்திச் செய்த பூவேலை அகல்களைவிட, சக்கரத்தில் திரித்து மூக்குக் கிள்ளிய சாதா அகல்தான் பூசுவதற்கு நல்லது. அதில் வளைவு சீராக இருக்கும், தூரிகை தடங்காமல் ஓடும்.

"தட்டிப் பாத்து எடும்மா" என்பார் குயவர். அது சும்மா சொல்கிற பேச்சல்ல. அகலை உள்ளங்கையில் தளர்வாக வைத்துக்கொண்டு நகத்தால் சுண்டினால், நன்றாக வெந்தது 'டிங்' என்று கணீரிடும். விரிசல் விட்டதும் வேகாததும் 'டப்' என்று அமுங்கும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் மூக்கின் மடிப்பில் ஒளிந்திருக்கும், ஆனால் ஓசையில் அகப்பட்டுவிடும். அடுத்தது, மட்டமான கல்லின்மேல் வைத்து ஒரு விரலால் ஓரத்தைத் தொடுங்கள். ஆடினால் வேண்டாம். ஆடுகிற அகல் எண்ணெய் ஊற்றியபின் சாயும், நெருப்போடு சாயும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் ஒரு ராத்திரி தண்ணீரில் போட வேண்டும். முழுகும்போது குமிழ் குமிழாக வரும். மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியே வருகிறது. சரியாக வேகாத அகல் இந்தத் தண்ணீரில் ஓரம் கரையும், விரலால் தேய்த்தால் சேறாக வரும். அதைப் பூசியபின் தெரிந்துகொள்வதைவிடப் பூசுமுன் தெரிந்துகொள்வது நல்லது. சூளைச் சாம்பலும் தூசியும் இந்தக் குளியலில் போய்விடும். மண்ணில் இருக்கும் உப்பும் ஓரளவு கழுவப்படும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புது அகலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் எண்ணெய் குடிக்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் துளைகளில் தண்ணீர் நிற்கிறவரைக்கும்தான். ஊறவைத்து, துடைத்து, பாதி ஈரத்தோடு ஏற்றினால் எண்ணெய் புக இடமிருக்காது. நாமோ பூசுவதற்காக முழுக்கக் காயவைக்கிறோம். காய்ந்தால் துளை மறுபடியும் திறந்துகொள்ளும். பூசிய அகலை வாங்கியவர் திரும்ப ஊறவைக்கவும் முடியாது, சாயம் உரிந்துவிடும். ஆகவே பூசிய அகல் எண்ணெய் குடிக்கும், கொஞ்சம் கசியும் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும். உட்புறம் வெள்ளைப் பசை தடவி அடைத்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். சூட்டில் அந்தப் பசை இளகும், திரி படும் இடத்தில் பழுப்பேறும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம் வெளியேறும்போது சாயத்தைத் தள்ளிக்கொண்டு வரும், கூடவே உப்பும் வந்து வெள்ளையாகப் பூக்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி சமையலறைத் தராசு. நாலு அகலைச் சேர்த்து மாலையில் எடை பாருங்கள், மறுநாள் மாலையில் திரும்பப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் தூரிகையை எடுக்கலாம். புரட்டாசி வெயிலில் இரண்டு நாளில் ஆகிவிடும். மழை பிடித்துவிட்டால் ஃபேனடியில் ஒரு வாரம்கூட ஆகும்.

சாயத்துக்கு அக்ரிலிக் போதும். போஸ்டர் கலர் ஈரக் கை பட்டாலே அழியும். எனாமல் பெயின்டின் வாடை பல நாள் போகாது. முதலில் வெளிப்புறத்துக்கு வெள்ளை அக்ரிலிக்கை ஒரு பூச்சு கொடுத்தால் மண்நிறம் மேலே தெரியாது, மேல்வர்ணமும் குறைவாகச் செலவாகும். பிறகு நிறம், பிறகு புள்ளி. கோலப்புள்ளிக்குத் தூரிகை வேண்டாம். பென்சிலின் பின்முனை பெரிய புள்ளிக்கு, இயர்பட்ஸ் நடுத்தரத்துக்கு, பல்குச்சி சின்னதுக்கு. மருதாணிக் கோனில் தங்க நிறத்தை நிரப்பி இழைகோலம் போடலாம். ஒரு அகலை எடுத்து முழுசாக முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது நேரக் கொலை. எல்லாவற்றுக்கும் வெள்ளை, எல்லாவற்றுக்கும் நிறம், எல்லாவற்றுக்கும் புள்ளி என்று சுற்றுச் சுற்றாகப் போக வேண்டும். கடைசி அகலுக்கு வெள்ளை பூசி முடிக்கும்போது முதல் அகல் காய்ந்திருக்கும்.

எங்கே பூசக்கூடாது என்பதுதான் முக்கியம். உட்புறம் பூசக்கூடாது. விளிம்பிலிருந்து வெளிப்பக்கம் அரை அங்குலம் வெறும் மண்ணாக விட வேண்டும். மூக்குப் பகுதியை முழுவதும் விட்டுவிட வேண்டும், மூக்கின் கீழே அடிவரைக்கும் ஒரு விரல் அகலத்துக்கும் சேர்த்துத்தான். சுடர் மூக்கை நக்கிக்கொண்டு எரியும், அங்கே சாயம் இருந்தால் குமிழ் விட்டுக் கருகும். திரியைப் பற்றிக்கொண்டு எண்ணெய் மூக்குக்கு வெளியே இறங்கும், அந்த வழியில் சாயம் இருந்தால் உரியும். இப்படி விட்ட செம்மண் பட்டை பார்க்கவும் நன்றாகவே இருக்கும். மயில்நீலத்துக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே அந்த மண்நிறம் எடுப்பாகத் தெரியும். கண்ணாடிச் சில்லு, மணிச்சரம் ஒட்டினால் அகலின் கீழ்ப்பாதியோடு நிறுத்துங்கள். ஜரிகை லேஸ், வலைத்துணி, நூல் குஞ்சம் இவையெல்லாம் எரியும் விளக்குக்கு வேண்டவே வேண்டாம். அவை எவ்வளவு விலைக்குப் போனாலும் சரி, வீட்டில் குழந்தைகள் பாவாடையும் சட்டையுமாக அந்த விளக்கைச் சுற்றித்தான் ஓடப்போகிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு அகலை விற்பனைக்கு ஒதுக்காமல் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். பழைய செய்தித்தாளின்மேல் வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, பஞ்சுத்திரி போட்டு இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு மூன்றைப் பாருங்கள். காகிதத்தில் எண்ணெய் வட்டம் எவ்வளவு பெரியது? வெளிப்புறத்தில் சாயத்துக்கு அடியில் கறுப்புத் திட்டு ஏறியிருக்கிறதா? சூடு இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்தால் சாயம் உரிகிறதா? காகிதத்தில் காசளவு வட்டம் என்றால் பரவாயில்லை. தட்டளவுக்கு ஊறியிருந்தால் அந்தக் குயவரின் சூளை அந்தமுறை சரியாக வேகவில்லை. அந்த அகல்களை எண்ணெய்க்கு விற்காமல், அலுமினியக் கிண்ணத்தோடு வரும் டீலைட் மெழுகுவர்த்தி வைப்பதற்கு என்று சொல்லி விற்கலாம். டீலைட் சுமார் 4 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அது உள்ளே உட்காரும் அளவுக்கு அகலின் வாய் விரிந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனையில் தெரிந்ததைத்தான் பெட்டிக்குள் வைக்கும் சின்னச் சீட்டில் எழுத வேண்டும். "ஏற்றும்போது அடியில் சிறு தட்டு வைக்கவும். எரியும்போது அருகில் இருக்கவும். எண்ணெயை இரவு முழுவதும் தேக்கி வைக்க வேண்டாம். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும்." நாலே வரி. வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது அதற்குமேல் இல்லை.

கட்டுவதில் எல்லாரும் உடைவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆனால் அகல் கெடுவது பாதி நேரம் உடைந்து அல்ல, ஒட்டிக்கொண்டு. அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் மழைக்காலக் காற்றில் உள்ளே பல நாள் மிருதுவாகவே இருக்கும். அந்த நிலையில் குமிழ் உறையில் சுற்றிக் கட்டினால், இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது ஒவ்வொரு குமிழும் சாயத்தின்மேல் வட்டம் வட்டமாக அச்சுப் பதித்திருக்கும். பிளாஸ்டிக் உறையோடு சாயம் தோலாக உரிந்து வருவதும் உண்டு. செய்தித்தாளில் சுற்றினால் மஞ்சளிலும் வெள்ளையிலும் எழுத்து ஏறும். பூசி முடித்தபின் குறைந்தது நாலைந்து நாள் திறந்த தட்டில் விடுங்கள். பிறகு கட்டைவிரலைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். ரேகை பதிந்தால் இன்னும் ஆகவில்லை. ஆனபிறகும் சாயத்தைத் தொடுகிற உறை பட்டர் பேப்பராகத்தான் இருக்க வேண்டும். குமிழ் உறை வேண்டுமானால் அதற்கு வெளியே வரட்டும்.

பெட்டிக்கு நான் சொல்வது இனிப்புக்கடைப் பெட்டிதான். பேர் அச்சடிக்காத வெறும் அட்டைப்பெட்டி மொத்தக் கடைகளில் பல அளவில் கிடைக்கும். விழா என்றாலே நம் கைக்குப் பழகிய பெட்டி அது, பரிசாகக் கொடுக்கவும் பொருத்தம். கடைக்குப் போகும்போது நாலு அகலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஆறரை சென்டிமீட்டர் அகலுக்கு நடுத்தடுப்போடு சேர்த்து உள்ளளவு 15க்கு 15 சென்டிமீட்டர் தேவைப்படும். உயரம் அகலைவிட ஒரு சென்டிமீட்டர் கூட இருந்தால் போதும். அதிகம் இருந்தால் உள்ளே குதிக்கும்.

இரண்டு அட்டைப் பட்டைகளில் பாதிவரை வெட்டி ஒன்றில் ஒன்றைச் செருகினால் சிலுவைத் தடுப்பு வந்துவிடும், நாலு அறை ஆகிவிடும். அகலில் முதலில் உடைவது மூக்கு. பெட்டியில் முதலில் அடிவாங்குவது மூலை. அதனால் நாலு மூக்கும் பெட்டியின் நடுவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். இடம் மிச்சம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவே கூடாது. மேல் அகலின் பூச்சைக் கீழ் அகலின் விளிம்பு சுற்றிச் சுரண்டிவிடும். மூடியபின் காதோரம் வைத்து ஆட்டுங்கள். சத்தம் வந்தால் கசக்கிய காகிதம் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒரே ஒரு பெட்டியை மேஜை உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அது தாங்கினால் பேருந்தில் பையோடு இடிபடுவதையும் தாங்கும். சந்தைக்குக் கொண்டுபோகும் பெரிய அட்டைப்பெட்டியின் அடியில் வைக்கோலோ கசக்கிய செய்தித்தாளோ போடலாம். குயவர்கள் இன்றும் வைக்கோலில்தான் அடுக்குகிறார்கள், அதைவிட மலிவான மெத்தை கிடையாது.

இனி விலை. இதில்தான் நல்ல கைக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். சாமான் செலவைக் கூட்டி இரண்டால் பெருக்கு என்று ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

அகல் ஒன்று 3 ரூபாய் என்று 100 வாங்குகிறோம், 300 ரூபாய். ஓசையிலும் தண்ணீரிலும் 6 கழிந்தன. ஏற்றிப் பார்க்க 2 போயின. பூசும்போது கெட்டதும் கை தவறியதும் 4. மிச்சம் 88, அதாவது நாலு நாலாக 22 பெட்டி. சாயமும் தூரிகையும் 440 ரூபாய். இதுவரை 740. பெட்டி ஒன்றுக்கு 34 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவாக வருகிறது. இரண்டால் பெருக்கி, 70 ரூபாய் என்று சீட்டு ஒட்டியாயிற்று.

ஆனால் காலிப் பெட்டி 14 ரூபாய், தடுப்பும் பட்டர் பேப்பரும் சீட்டும் 5 ரூபாய். 22 பெட்டிக்கு அது 418. ஸ்டால் வாடகை 500, ஆட்டோ 200. ஆக, கையிலிருந்து போன பணம் 1,858 ரூபாய். 22 பெட்டியும் ஒன்று விடாமல் விற்றாலும் 70 ரூபாய்க்கு வருவது 1,540. எல்லாம் விற்றுத் தீர்ந்து, எல்லாரும் பாராட்டி, கைக்காசு 318 ரூபாய் போயிருக்கும். காலி மேஜையைப் பார்த்துச் சந்தோஷமாக வீடு திரும்பும் பலருக்கு இந்த நஷ்டம் தெரிவதே இல்லை. சாயம் போன மாதம் வாங்கியது, பெட்டி போன வாரம் வாங்கியது, ஆட்டோ காசு வீட்டுச் செலவோடு போனது. ஒரே தாளில் எழுதினால்தான் தெரியும்.

நம் நேரத்தை இன்னும் எழுதவில்லை. அகல் ஒன்றுக்கு 8 நிமிஷம் என்றால் 88 அகலுக்கு 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொறுக்கி ஊறவைத்துக் காயப்போட ஒன்றரை மணி, பெட்டி கட்ட ஒன்றரை மணி. மொத்தம் 15 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று மிகக் குறைவாகவே போட்டாலும் 900 ரூபாய். சந்தையில் நிற்கும் ஆறு மணி நேரத்துக்கு 360. பணச் செலவோடு சேர்த்தால் 3,118.

இதை 22ஆல் வகுத்தால் 142 ரூபாய் வரும். அப்படி வகுக்கக்கூடாது. எல்லாப் பெட்டியும் விற்கும் சந்தை அபூர்வம். நாலு பெட்டி தங்கும் என்று வைத்து 18ஆல் வகுங்கள். 173 ரூபாய் வருகிறது. அப்படியானால் 180 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

பள்ளிச் சந்தையில் நாலு அகலுக்கு 180 கொடுப்பார்களா? சில இடத்தில் கொடுப்பார்கள், பல இடத்தில் கொஞ்சம் தயங்கி வைத்துவிடுவார்கள். 150 என்றால் கை நீளும். அந்த 30 ரூபாயை எங்கே குறைப்பது என்றதும் மனசு சாயத்துக்கும் அகலுக்கும்தான் போகும். அங்கே எடுக்க ஒன்றுமில்லை. வேலைப்பாட்டைக் குறைத்து அகலுக்கு மூன்று நிமிஷம் மிச்சம் பிடித்தாலும் மொத்தத்தில் 264 ரூபாய்தான் குறையும், விளக்கும் வெறிச்சோடிப் போகும். கனமான செலவு ஸ்டாலும் ஆட்டோவும் நாம் நிற்கிற நேரமும். மூன்றும் சேர்ந்து 1,060 ரூபாய், 18 பெட்டி விற்றாலும் 36 விற்றாலும் அதேதான். ஆகவே தோரணமோ காகிதப் பூவோ செய்கிற இன்னொருவரோடு மேஜையைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு மூன்று மணி நேரம் நிற்கலாம். 530 ரூபாய் குறைகிறது. மீதி 2,588, அதை 18ஆல் வகுத்தால் 144. இப்போது 150 ரூபாய் என்பது துணிந்து சொல்லக்கூடிய விலை. தனியாகவே நின்று இரட்டிப்பாகச் செய்து 36 பெட்டி விற்றாலும் அதே 144தான் வரும். ஆனால் ஆறு மணி நேரத்தில் 36 பெட்டி என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒன்று போக வேண்டும். பெரிய சந்தையில் அது நடக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான் அதை நம்பிச் செய்ய மாட்டேன்.

வாசலின் இரு பக்கமும் வைக்க இரண்டே போதும் என்பவர்களும் உண்டு. ஜோடிப் பெட்டியை 75க்குப் போடாமல் 80க்குப் போடுங்கள். சின்னப் பெட்டிக்கு அட்டை பாதி விலையில் வராது, கட்டுகிற நேரமும் பாதியாகாது. விலை 150, 80 என்று நின்றால் சில்லறைத் தொல்லையும் குறையும். இருந்தாலும் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களைத் தனியே ஒரு டப்பாவில் கொண்டுபோங்கள். கியூஆர் அட்டையையும் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சந்தைக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் போவது சாதாரணம். பிள்ளைகள் முப்பது ரூபாயோடு வருவார்கள். அவர்களுக்காக ஒரே நிறம், நாலு புள்ளி என்று எளிமையாகப் பூசிய ஒற்றை அகலைக் காகிதத்தில் சுற்றித் தனியே ஒரு தட்டில் வைக்கலாம். கசிவில் கழித்ததை மட்டும் அந்தத் தட்டில் போட்டுவிடாதீர்கள்.

பந்தலும் காகித அலங்காரமுமாக இருக்கும் சந்தையில் எரியும் விளக்கை வைத்துக் காட்ட எந்தப் பள்ளியும் விடாது, விடவும் கூடாது. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை ஒரு அகலுக்குள் வைத்தால் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். அதன் பக்கத்தில், வீட்டில் இரண்டு மணி நேரம் ஏற்றிப் பார்த்த அந்த அகலையும் கழுவாமல் வையுங்கள். மூக்கில் கரி படிந்திருக்கும், உள்ளே எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும், வெளியே சாயம் அப்படியே இருக்கும். "கலர் எரியாதா?" என்று கேட்கிறவர் கையில் அதைக் கொடுத்துவிட்டால் போதும். அவரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

சாயங்காலம் கூட்டம் கலையும்போது பக்கத்து ஸ்டாலில் பாதி விலைக்குக் கூவ ஆரம்பிப்பார்கள். தீபாவளிச் சந்தை என்றால் அதில் சேர வேண்டாம், கார்த்திகை இன்னும் இருக்கிறது. காலையில் 150 கொடுத்து வாங்கிய அம்மா மாலையில் 80க்கு விற்பதைப் பார்த்தால் அடுத்த வருஷம் மாலையில்தான் வருவார். கார்த்திகையும் முடிந்து தங்கினால், பட்டர் பேப்பரோடு அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே ஏறும் சூட்டுக்குச் சாயம் இளகும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த் தட்டிலோ இருக்கட்டும். அடுத்த ஆவணியில் எடுத்துப் பார்த்து, மங்கிய புள்ளிகளை மட்டும் திருத்தினால், புதுச் சரக்கு பூசி முடிக்குமுன்பே நாலு பெட்டி தயாராக இருக்கும்.